நிட் ஷூவில் நூல் இழுக்கிறது, மெஷ் ஷூவில் ஓட்டை விழுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஷூவின் மேல்துணியிலிருந்து ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். மெஷ் ஷூ என்றால் நறுக்கினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நிட் ஷூ என்றால் நீங்கள் நறுக்கிய இடம் இரண்டு வாரத்தில் ஓட்டையாகிவிடும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் பிரிவில் சில வருடம் இருந்தேன். இப்போது சென்னையில் இருக்கிறேன். ஷூவை எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே நறுக்கிவிட்டுத்தான் வருகிறார்கள்.

முதலில், உங்களுடையது எது?

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். ‘நிட்’ என்று போட்டு மெஷ் விற்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பொய்யர் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டுமே ஊசியால் கண்ணி போட்டுப் பின்னிய துணிதான். பின்னுகிற முறையில்தான் வித்தியாசம்.

நிட் என்று நாம் சொல்வது ஸ்வெட்டர் மாதிரி பின்னியது. ஒரே நூல் துணியின் குறுக்கே ஊடை போல ஓடி, வரிசையாகக் கண்ணி கண்ணியாக வளைந்துகொண்டே போகும். ஸ்டோல், ஷிமா செய்கி போன்ற ஸ்வெட்டர் மெஷின்களில் ஷூவின் மேல்பகுதியை அதன் வடிவத்திலேயே பின்னி எடுக்கிறார்கள். 2012இல் நைக்கியின் ஃபிளைநிட்டும், அதே வருடம் அடிடாஸின் பிரைம்நிட்டும் வந்த பிறகுதான் இது கடைத்தெருவுக்கு வந்தது. இன்ஜினியர்டு மெஷ் என்பது பாவு முறையில் பின்னியது. ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனி நூல். அந்த நூல்கள் நீளவாக்கில் வளைந்து வளைந்து ஓடி, பக்கத்து நூல்களோடு கோத்துக்கொள்ளும். விரல் மேல் பெரிய ஓட்டைகள், பக்கவாட்டில் நெருக்கமான பின்னல் என்று ஒரே துணியில் இடத்துக்கு இடம் மாற்றிப் பின்னுவதால்தான் ‘இன்ஜினியர்டு’ என்ற பெயர். பிறகு அதை வெட்டித் தைத்து ஷூவாக்குவார்கள்.

வீட்டில் கண்டுபிடிக்க இரண்டு வழி. போன் கேமராவில் நன்றாக ஜூம் செய்து பாருங்கள். பனியன் துணியின் வெளிப்பக்கம் போலக் குட்டி குட்டி ‘V’ எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிட். ஓட்டைகளும் அவற்றைச் சுற்றிக் குட்டித் தூண்கள் போன்ற பின்னலும் தெரிந்தால் மெஷ். இரண்டாவது வழி இழுத்துப் பார்ப்பது. விரல் மடங்கும் இடத்தில், குறுக்காக, 4 செ.மீ. இடைவெளியில் பேனாவால் இரண்டு புள்ளி வையுங்கள். உள்ளே கையை விட்டு இரண்டு பக்கமும் தள்ளுங்கள். என்னிடம் இருக்கும் நிட் ஜோடியில் புள்ளிகள் 5 செ.மீ.க்கு மேல் விலகுகின்றன. மெஷ் ஜோடி 4.3இல் நின்றுவிடுகிறது. ஆனால் நிட்டில் சில இடங்களில் உருகும் நூலைச் சேர்த்துப் பின்னி, சூடு காட்டி இறுக்கியிருப்பார்கள். அந்த இடம் மெஷ் மாதிரியே விறைப்பாக இருக்கும். அதனால் ஒரே இடத்தை மட்டும் இழுத்து முடிவுக்கு வராதீர்கள்.

அறிகுறி: கண்ணி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நூல் அறவில்லை

நிட்டில் அடிக்கடி வருவது இதுதான். நடைபாதையில் பேவர் பிளாக்கின் உடைந்த முனை, ஜல்லி, வேலை முடிந்தும் வெட்டாமல் விட்ட கட்டுக்கம்பியின் நுனி, சீமைக்கருவேல முள் என எதுவும் ஒரு கண்ணியில் மாட்டினால் போதும். காலை எடுத்து வைக்கும் வேகத்தில் நூல் இழுபடும். அந்த நூல் வரிசை முழுக்க ஓடுகிறது அல்லவா? அதனால் வெளியே வந்த நீளம் அத்தனையும் பக்கத்துக் கண்ணிகளிடமிருந்து பிடுங்கியது. இழுத்த இடத்தின் இரண்டு பக்கமும் துணி சுருங்கி ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் நல்லது, நூல் இன்னும் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம்.

போன மாதம் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வலது ஷூ, சுண்டுவிரல் பக்கம். சுமார் 2 செ.மீ. உயரத்துக்கு ஒரு கண்ணி வெளியே நின்றது. அதாவது போய், வந்து, 4 செ.மீ. நூல். சுருக்கக் கோடு இடப்பக்கம் விரல் மடிப்பு வரைக்கும், வலப்பக்கம் சோல் விளிம்பு வரைக்கும் போயிருந்தது.

முதலில் ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தேன். கால் உள்ளே இருக்கும்போது துணி எவ்வளவு விரிந்திருக்குமோ அவ்வளவு விரிய வேண்டும். இதை விட்டுவிட்டுத் தளர்ந்த துணியில் வேலை செய்தால், போட்டு நடந்ததும் மறுபடியும் சுருங்கும். அடுத்து, அந்த இடத்தை ஈரத்துணியால் லேசாக நனைத்தேன். நனைந்தால் கண்ணிகள் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும்.

தேவையான கருவி முனை மழுங்கிய ஊசி, ஸ்வெட்டர் தைப்பதற்கு விற்பது. கூர் ஊசி நூலின் நடுவில் குத்தி இழைகளைப் பிரித்துவிடும். வேலையை நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணியின் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கு அடுத்த கண்ணியின் வளைவுக்குள் ஊசி நுனியை விட்டு மெல்ல உயர்த்தினால், வெளியே நிற்கும் நூலிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் இதற்குள் வரும். பிறகு அதற்கு அடுத்த கண்ணி, அந்த நீளத்தை அங்கே கடத்த வேண்டும். இப்படியே கோடு முடியும் வரைக்கும் கை மாற்றிக்கொண்டே போக வேண்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு வாளி கைமாறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். இதில் மூன்று சுற்று போனேன், முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு 4 மி.மீ. மட்டும் அடம்பிடித்தது. சோல் விளிம்பில் ஒட்டியிருக்கும் பசை அங்கேயிருந்த கண்ணிகளைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

மீந்ததை வெட்டக் கூடாது. மெல்லிய குரோஷா ஊசியை உள்பக்கத்திலிருந்து விட்டு, அந்த 4 மி.மீ. கண்ணியைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். அதன் மேல் துணி ஒட்டும் பசையில் ஒரு கடுகளவு. அவ்வளவுதான். ஈரம் காய்ந்த பிறகு வெளியே இருந்து பார்த்தால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் ஷூவில் உள்பக்கம் ஸ்பாஞ்ச் வைத்து ஒட்டியிருந்தால் இந்தக் கடைசி வேலை நடக்காது. அப்போது மீந்த கண்ணியை மேலேயே பக்கத்து வரிசைக்கு அடியில் நுழைத்து விட்டுவிடுங்கள்.

நகப்பூச்சு வைத்து ஒட்டலாமா என்று கேட்பார்கள். இரண்டு நாள் தாங்கும், பிறகு காலை மடக்க மடக்கப் பொரிந்து உதிரும். உடனடிப் பசை இன்னும் மோசம். கல் மாதிரி இறுகி, அந்த விளிம்பே பக்கத்து நூலை அறுக்கும். லைட்டர் பக்கம் போகவே வேண்டாம். உருகும் நூல்களில் சில வகை 85 டிகிரியிலேயே இளகிவிடும், சில 140 வரை தாங்கும். உங்கள் ஷூவில் எது இருக்கிறது என்பது வெளியே தெரியாது.

மெஷ்ஷில் இதே முள் மாட்டினால் வேறு மாதிரி நடக்கும். நூல் இறுக்கமாகக் கோத்துக்கொண்டிருப்பதால் பக்கத்திலிருந்து பிடுங்க இடமில்லை. அதனால் நீளமாக இழுபடாது. சின்னதாகக் கிளம்பும், இல்லையென்றால் அங்கேயே அறும். அறுந்த நுனியைத் துணியோடு ஒட்ட நறுக்கிவிடலாம். மெஷ்ஷை மாட்டாத துணி என்று நினைக்க வேண்டாம், பெரிய ஓட்டை உள்ள மெஷ்ஷில் முள் நன்றாகவே மாட்டும். மாட்டினாலும் சேதம் அந்த இடத்தோடு நிற்கும் என்பதுதான் அதன் பலம்.

அறிகுறி: இடது ஷூவில் மட்டும், மேலே, திரும்பத் திரும்ப

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் ஷூவோடு வந்தான். “அண்ணா, ரோடு சரியில்ல, ஷூ பிஞ்சு போச்சு” என்றான். வாங்கிப் பார்த்தேன். வலது ஷூ புதுசு மாதிரி இருந்தது. இடது ஷூவில் விரல்களுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பஞ்சு பஞ்சாகக் கிளம்பி, நடுவில் கறுப்பாக இருந்தது.

“பைக்ல போறியா?”

“ஆமாண்ணா, தெனமும்.”

“ரோடு உன் இடது காலை மட்டுமா தேய்க்கும்? கியர் போடுற இடம்டா இது.”

கியரை மேலே தூக்கும்போது லிவர் ஷூவின் மேல்பகுதியைத்தான் தேய்க்கிறது. டிராஃபிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நிட்டில் இது முதலில் பஞ்சாகக் கிளம்பும், அப்புறம் கண்ணி இழுபடும், அப்புறம் ஓட்டை. மெஷ்ஷில் ஓட்டைகளின் விளிம்பு மழுங்கி, கறுப்புப் படிந்து, மெதுவாகத் தேயும். வேகம்தான் வேறு, முடிவு இரண்டிலும் ஒன்றுதான். லிவரின் ரப்பர் உறை தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முதலில் அதை மாற்றுங்கள், செலவு கொஞ்சம்தான். ஷூ மேல் கட்டிக்கொள்ளும் கியர் பேடும் கிடைக்கிறது. ஆனால் அதில் வெல்க்ரோ பட்டை இருந்தால் கொக்கிப் பக்கம் நிட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்க்ரோவைப் போல நிட்டைப் பஞ்சாக்கும் பொருள் வேறு இல்லை.

சேதம் ஒரே காலில், ஒரே இடத்தில் என்றால் நடைபாதையைத் திட்டும் முன் நீங்கள் தினமும் செய்யும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஷூவிலும் வெளிப்பக்க ஓரத்தில், சோலுக்குச் சற்று மேலே பஞ்சு கிளம்பியிருந்தால் அது நடைபாதை விளிம்பில் உரசுவது.

அறிகுறி: நூல் அறுந்து, ஓட்டை பெரிதாகிறது

பழைய பனியனில் ஒரு ஓட்டை விழுந்தால் அது ஏணி மாதிரி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிட் ஷூவிலும் அதே கதைதான். ஒரு கண்ணி அறுந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த அடுத்த கண்ணிக்குப் பிடி போய்விடும், அது அதற்கடுத்ததை விடும். உருகும் நூல் இருக்கும் இடத்தில் இந்த ஓட்டம் தடைபடும், வெறும் நூல் பின்னிய மென்மையான இடத்தில் ஓடும். அதனால் நிட்டில் அறுந்ததைக் கண்டால் அன்றைக்கே வேலை பார்க்க வேண்டும். வார இறுதி வரை தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வேலை, பிடி இல்லாமல் திறந்து நிற்கும் கண்ணிகளைப் பிடிப்பது. மெல்லிய பாலியஸ்டர் நூலால், ஓட்டையின் விளிம்பில் வாயைப் பிளந்து நிற்கும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசியை விட்டு வட்டமாகச் சுற்றி வாருங்கள். ஒரு கண்ணியை விட்டாலும் அங்கேயிருந்து ஓடும். பிறகு நூலை மெல்ல இழுத்தால் ஓட்டை சுருங்கும். முழுக்க மூடும்படி இறுக்க வேண்டாம், துணி குவிந்து காலில் உறுத்தும். உள்பக்கத்தில் பழைய சாக்ஸிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, ஓட்டையை விட நான்கு பக்கமும் 1 செ.மீ. பெரிதாக, மூலைகளை வட்டமாக நறுக்கி, காய்ந்த பிறகும் வளையக்கூடிய பசையால் ஒட்டுங்கள். சாக்ஸ் எதற்கென்றால், அதுவும் நிட், ஷூ விரியும்போது கூடவே விரியும். விரியாத துணியை ஒட்டினால் அதன் விளிம்பில் அடுத்த கிழிசல் வரும்.

மெஷ்ஷில் அவசரம் இல்லை. ஓட்டை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கிளம்பிய நுனிகளை நறுக்கி, உள்ளே ஒரு மெஷ் துண்டோ மெல்லிய நைலான் துணியோ வைத்து ஒட்டினால் போதும். சுண்டுவிரல் நகத்தை விடப் பெரிய ஓட்டை என்றால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தையல் போடச் சொல்லலாம். அவரிடம் நிட்டைக் கொடுக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தோல் தைக்கும் அந்தத் தடித்த ஊசி நிட்டில் இறங்கும் ஒவ்வொரு குத்தும் ஒரு கண்ணியை அறுக்கக்கூடும்.

அறிகுறி: மெஷ்ஷில் கட்டைவிரலுக்கு மேலே ஓட்டை

நடைபாதை உரசியதா, விரல் குத்தியதா? ஓட்டையின் விளிம்பில் நூல் நுனிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். வெளியே பார்த்தால் உள்ளிருந்து வந்தது. ஷூவுக்குள் கையை விட்டுத் தடவினால் உள்துணி அதே இடத்தில் ஏற்கெனவே தேய்ந்து வழவழப்பாக இருக்கும். நடக்கும்போது கட்டைவிரலை மேலே தூக்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. மெஷ் இழுபட்டுக் கொடுக்காது, அதனால் ஒவ்வொரு அடியிலும் நகம் அதே நான்கைந்து நூல்களை அறுத்துக்கொண்டே இருக்கும். நிட்டில் இந்தக் கோளாறு குறைவு, விரல் தூக்கினால் துணி கூடவே எழும்பிவிடும்.

உள்ளே ஒட்டுப்போடுங்கள், நகத்தை வெட்டுங்கள். அடுத்த ஜோடி வாங்கும்போது நின்றுகொண்டு பாருங்கள், விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவில் ஒரு பெருவிரல் அகலம் இருக்க வேண்டும். நீளம் சரியாக இருந்தும் ஓட்டை விழுகிறது என்றால் முன்பக்க உயரம் போதவில்லை. அளவை ஏற்றினால் தீராது, வேறு மாடல்தான் பார்க்க வேண்டும்.

மெஷ் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும் ஷூக்களில், விரல் மடங்கும் கோட்டில் படலத்தின் விளிம்பை ஒட்டியே நேர்கோடாகக் கிழியும். விறைப்பான படலமும் மென்மையான துணியும் சந்திக்கும் இடத்தில் மடிப்பு முழுக்க விழுவதால் வருவது அது. வந்துவிட்டால் ஒட்டுப்போட்டாலும் அதிக நாள் தாங்காது.

அறிகுறி: ஷூ தளர்ந்துவிட்டது, கால் உள்ளே ஆடுகிறது

நிட் பிரச்சினை இது. இழுபட்ட துணி திரும்பி வர, அதில் கலந்திருக்கும் எலாஸ்டிக் நூல்தான் காரணம். வெந்நீர், டிரையர், வெயிலில் காரின் பின்கண்ணாடி அருகே வைப்பது, இவையெல்லாம் அதன் உயிரை வாங்கும். ஒருமுறை சாதாரணத் தண்ணீரில் கையால் அலசி, தாள் அடைக்காமல் நிழலில் காயப்போட்டுப் பாருங்கள். வியர்வை உப்பும் அழுக்கும் ஏறியதால் மட்டும் தளர்ந்திருந்தால் கொஞ்சம் திரும்பி வரும். காய்ந்த பிறகு அந்த 4 செ.மீ. புள்ளிகளை வைத்துச் சோதியுங்கள். இழுத்துவிட்டதும் உடனே 4க்கு வந்தால் துணி நன்றாக இருக்கிறது, லேஸ் கட்டுவதில்தான் குறை. மேலே கடைசியில் சும்மா இருக்கும் ஓட்டையில் லேஸை விட்டு இரண்டு பக்கமும் குட்டி வளையம் செய்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இறுக்குங்கள், குதிகால் நிற்கும். 4.3, 4.4 என்று நின்றுவிட்டால் எலாஸ்டிக் போய்விட்டது. அதற்கு மருந்தில்லை. தடித்த இன்சோல் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அதுவும் நேராக நடக்க மட்டும். திரும்பும்போது கால் சோலை விட்டு வெளிப்பக்கம் வழுகினால் வீட்டைச் சுற்றி நடக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷ் தளர்ந்ததாகத் தோன்றினால் நான் முதலில் லேஸ் ஓட்டைகளைத்தான் பார்ப்பேன். ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும், இல்லை நாக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். துணி தளர்வது அபூர்வம்.

எந்தத் தடத்துக்கு எது

என் காலை நடைத் தடத்தில் பாதி தூரம் உடைந்த பேவர் பிளாக், மீதி தூரம் கட்டட வேலை நடக்கும் தெரு. அங்கே மெஷ்தான் போடுகிறேன். விரல் பக்கம் நெருக்கமாகப் பின்னியது, சோலின் ரப்பர் முன்முனையில் ஒரு விரல் அகலம் மேலேறி வந்திருப்பது. நிட்தான் வேண்டும் என்பவர்கள், அகலமான பாதமோ கட்டைவிரல் மூட்டுப் புடைப்போ இருப்பவர்கள், வாங்கும் முன் விரல் பகுதியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நகம் கண்ணியில் மாட்டாமல் வழுக்கிப் போனால் மேலே படலமோ உருகிய நூலோ இருக்கிறது, நடைபாதைக்குத் தாங்கும். நகம் ‘டிக் டிக்’ என்று ஒவ்வொரு கண்ணியிலும் மாட்டினால் அது ஆபீஸ் கார்ப்பெட்டுக்கும் டிரெட்மில்லுக்கும் ஏற்ற ஷூ. கடைக்காரர் முறைப்பார், லேசாகச் சுரண்டுங்கள்.